ஸ்டோர் ரூமில் ஓடும் எஸ்9: பூல் கணக்கும் மின்கட்டணமும்

"அண்ணே, வணக்கம். இணையத்தில் ஒருவரிடம் பிட்காயின் எடுக்கும் பழைய ஆன்ட்மைனர் எஸ்9 இயந்திரம் ஒன்றை 120 வெள்ளிக்கு வாங்கி, மூன்று வாரமாக வீட்டு ஸ்டோர் ரூமில் ஓட்டுகிறேன். பலர் இயந்திரங்களைச் சேர்த்து ஓட்டி, கிடைப்பதைப் பிரித்துக்கொள்ளும் ஒரு பெரிய பூலில் சேர்ந்திருக்கிறேன். அந்தப் பூல் வழக்கமாக நாளுக்கு 35, 36 பிளாக் எடுக்கும். போன செவ்வாய்க்கிழமை 47 எடுத்தது. எனக்கு வந்தது அதே 650 சடோஷிதான். சின்னப் பூல் ஒன்றில் இதே இயந்திரத்தை ஓட்டும் என் நண்பனுக்கு அன்றைக்கு இரண்டு மடங்கு வந்ததாம். என் பங்கைப் பூல்காரர்கள் அமுக்கிவிடுகிறார்களா? 2012-ல் என் மாமா கேம் விளையாடும் கார்டை வைத்தே வீட்டில் பிட்காயின் எடுத்தார். இப்போது ஏன் முடியவில்லை?"
ஈசூன் வாசகர்

தம்பி, யாரும் அமுக்கவில்லை. பூலில் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து, பணம் தரும் முறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதில் `FPPS` என்று இருக்கும். நண்பனுடையதில் `PPLNS` என்று இருக்கும். நீங்கள் சொல்லும் வித்தியாசம் முழுவதும் அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, உங்கள் இயந்திரம் பூலுக்கு என்ன அனுப்புகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பிளாக் என்றால் நீங்கள் குடியிருக்கும் புளோக் அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற சராசரியில் பிட்காயின் கணக்கேட்டில் சேரும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் தலைப்புப் பகுதி 80 பைட் நீளம். அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, ஷா-256 என்ற கணக்கை இரண்டு தடவை ஓட்டி, வரும் விடை குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மைனிங். விடையை முன்கூட்டிக் கணிக்க வழியே இல்லை. போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் எஸ்9 நொடிக்கு 13.5 டெராஹேஷ், அதாவது 13.5 டிரில்லியன் தடவை போட்டுப் பார்க்கிறது.

பூல் உங்களுக்குத் தரும் எல்லை பிட்காயின் வலையமைப்பின் எல்லையைவிடப் பல மடங்கு சுலபமானது. அந்தச் சுலப எல்லைக்குள் வரும் ஒவ்வொரு விடையையும் உங்கள் இயந்திரம் பூலுக்கு அனுப்பும். அதற்குப் பெயர் ஷேர். நாலு நம்பர் பாஷையில் சொன்னால், முழு எண்ணும் பொருந்தினால்தான் பரிசு. ஆனால் கடைசி ஓர் இலக்கம் பொருந்திய சீட்டுகளையெல்லாம் கொண்டுவந்து காட்டு, நீ எத்தனை சீட்டு உண்மையிலேயே வாங்கினாய் என்று நான் மதிப்பிட்டுக்கொள்கிறேன் என்று குழுத் தலைவர் கேட்பது போல. ஷேருக்குத் தனியாக எந்த மதிப்பும் கிடையாது. நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

இங்கே பலர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பூலுக்காக ஓட்டும்போது உண்மையான பிளாக்கே என் இயந்திரத்தில் விழுந்துவிட்டால், பூலுக்குச் சொல்லாமல் நானே வைத்துக்கொள்ள முடியாதா? முடியாது. பரிசுப் பணம் யார் முகவரிக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக்குள்ளேயே முதல் பரிவர்த்தனையாக எழுதப்பட்டிருக்கும், பூல் அதில் தன் முகவரியைப் போட்டுத்தான் வேலையை உங்களுக்கு அனுப்புகிறது. முகவரியை மாற்றினால் விடையும் மாறிவிடும், விழுந்த பிளாக் செல்லாது. ஆனால் வேறொரு விஷமம் செய்யலாம். ஷேர்களை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே, பிளாக் விழுந்தால் மட்டும் அதைக் குப்பையில் போட்டுவிடலாம். அப்படிச் செய்பவருக்கு இழப்பு மிகச் சிறியது, பூலுக்கோ முழு இழப்பு. 2014-ல் எலிஜியஸ் என்ற பூல் இப்படி 300 பிட்காயின் வரை இழந்தது.

சரி, உங்கள் 650 சடோஷிக்கு வருவோம். பத்துக் கோடி சடோஷி சேர்ந்தால்தான் ஒரு பிட்காயின். வலையமைப்பின் மொத்த வேகம் அடிக்கடி மாறும். கணக்குக்காக அதை 900 எக்ஸாஹேஷ், அதாவது 900 மில்லியன் டெராஹேஷ் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லை எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் எண்ணுக்குக் கடினம் என்று பெயர். உங்கள் ஷேரின் கடினம் 65,536 என்று பூல் நிர்ணயித்திருந்தால், உங்கள் எஸ்9 ஏறக்குறைய 21 நொடிக்கு ஒரு ஷேர் அனுப்பும். ஒரு நாளைக்கு 4,144 ஷேர். வலையமைப்பின் அந்த வேகத்தில், இப்படிப்பட்ட ஷேர்களில் சுமார் 1.9 பில்லியனில் ஒன்றுதான் உண்மையான பிளாக்காக இருக்கும். உங்கள் இயந்திரம் தனியாக ஓடி அந்த ஒன்றை எட்ட, சராசரியாக 1,270 ஆண்டு ஆகும். நந்திவர்ம பல்லவன் காஞ்சியில் ஆண்ட காலத்தில் சுவிட்சைப் போட்டிருந்தால் இப்போது எதிர்பார்க்கலாம்.

2024 ஏப்ரலிலிருந்து ஒரு பிளாக்கின் பரிசு 3.125 பிட்காயின். அதை அந்த 1.9 பில்லியனால் வகுத்தால் ஒரு ஷேருக்கு 0.16 சடோஷி வரும். `FPPS` பூல் செய்வது இந்த வகுத்தலைத்தான். நீங்கள் ஷேர் அனுப்பிய கணத்திலேயே, பிளாக் விழுந்ததோ இல்லையோ, அந்த 0.16 உங்கள் பெயரில் ஏறிவிடும். நாள் முடிவில் 675. அதில் பூலின் கட்டணம் 4 விழுக்காடு என்றால் 648 மிஞ்சும். பரிவர்த்தனைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கும் சேரும், அதனால் 650 என்று பார்க்கிறீர்கள். பூல் அன்று 47 பிளாக் எடுத்தால் உபரி பூலுக்கு. 25 மட்டுமே எடுத்தாலும் உங்களுக்கு அதே 650-ஐக் கையிலிருந்து போட்டுத் தர வேண்டியதும் பூல்தான். நாளுக்கு 36 என்ற சராசரியில் ஆறு கூடுவதும் குறைவதும் சர்வ சாதாரணம். மோசமான வாரம் ஒன்றைத் தாங்கப் பூலின் கையிருப்பில் நிறையப் பிட்காயின் இருக்க வேண்டும். கட்டணம் கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம். மாதச் சம்பளக்காரரும் கமிஷன் வியாபாரியும் போல, நீங்கள் சம்பளக்காரர்.

உங்கள் நண்பர் கமிஷன் வியாபாரி. `PPLNS` முறையில் பிளாக் விழும்போது மட்டும்தான் பணம். விழுந்த கணத்தில் பூல் திரும்பிப் பார்த்து, கடைசியாக வந்த இத்தனை ஷேர்கள் யார் யாருடையவை என்று எண்ணி, அந்த விகிதத்தில் பரிசைப் பிரிக்கும். கடைசி 1,000 ஷேர் என்று ஒரு குட்டிப் பூலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 உங்களுடையவை என்றால் பரிசில் 2 விழுக்காடு உங்களுக்கு. அந்த 20 ஷேர்களும் புதிய ஷேர்களால் பின்னுக்குத் தள்ளப்படும் முன் இன்னொரு பிளாக் விழுந்தால், அதே ஷேர்களுக்கு மறுபடியும் பணம். எதுவும் விழாமல் தள்ளப்பட்டுவிட்டால் அந்த வேலைக்கு ஒரு காசும் கிடையாது.

நண்பரின் பூல் வலையமைப்பில் 1 விழுக்காடு வைத்திருக்கிறது என்போம். அதற்கு நாளுக்குச் சராசரி 1.44 பிளாக். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சராசரிக்கு, நூறு நாளில் 24 நாள் ஒன்றுமே விழாது. 17, 18 நாளில் மூன்றோ அதற்கு மேலோ விழும். செவ்வாய்க்கிழமை அவருக்கு இரண்டு மடங்கு வந்ததில் வியப்பில்லை. வராத நாளில் அவர் உங்களுக்கு வாட்ஸ்அப் செய்திருக்க மாட்டார். பல மாதக் கணக்கை எடுத்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகைதான். கட்டண வித்தியாசத்தால் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டும் ஒரே நாளில் வந்த முறைகள் அல்ல. 2010-ன் கடைசியில் செக் நாட்டில் முதல் பூல் தொடங்கிய காலத்தில் எல்லாரும் நினைத்தது எளிய பங்கீடு: ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் இடையே வந்த ஷேர்களை எண்ணி, சமமாகப் பிரித்துவிடு. நியாயமாகத் தோன்றும். ஆனால் சுற்று சீக்கிரம் முடிந்தால் ஒவ்வொரு ஷேருக்கும் பெரிய பங்கு, இழுத்துக்கொண்டே போனால் சிறிய பங்கு. இதைக் கவனித்த கெட்டிக்காரர்கள் சுற்று தொடங்கும்போது உள்ளே வந்து, எதிர்பார்த்த நீளத்தில் 43 விழுக்காடு கடந்ததும் அடுத்த பூலுக்குத் தாவினார்கள். நம்பிக்கையோடு கடைசிவரை இருந்தவர்களின் பங்கு அப்படிப் போனது. சுற்று எப்போது தொடங்கியது என்பதையே பார்க்காமல் கடைசி ஷேர்களை மட்டும் எண்ணுவதால், `PPLNS` முறையில் தாவுவதில் ஆதாயம் இல்லை.

அதில் ஒரு சங்கடம் உண்டு, நானே மாட்டிக்கொண்டேன். 2018-ல் ஜோகூரில் ஒரு சிறு நிறுவனத்துக்காக நாற்பது எஸ்9-களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டணம் குறைவு என்று `PPLNS` பூலுக்கு மாற்றினோம். முதல் நாள் வந்தது பழைய பூலில் வந்ததில் கால்வாசிகூட இல்லை. முதலாளி தொலைபேசியில் கத்தினார். நாங்கள் மாறிய நேரத்தில் பூலின் கடைசி ஷேர்களின் பட்டியலில் எங்களுடையவை ஒன்றுமே இல்லை; பட்டியல் எங்கள் ஷேர்களால் நிரம்ப நேரம் எடுத்தது. அவர் கேட்கவில்லை, இரண்டாம் நாளே பழைய பூலுக்கு மாற்றச் சொன்னார். அப்புறம் நாங்கள் விலகிய பின்னும் அந்தப் பூலிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. முதல் நாள் வராதது கடைசியில் வந்தது. இது தெரியாமல் வாரத்துக்கு ஒரு பூல் மாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பூல் ஏமாற்றுகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். உங்கள் ஷேர்களை எண்ணினால் போதும்:

```
hashrate = shares × difficulty × 2^32 / seconds
4144 × 65536 × 4294967296 / 86400 ≈ 13.5 × 10^12
```

பூலின் பக்கத்தில் 24 மணி நேரச் சராசரியைப் பாருங்கள். அது உங்கள் இயந்திரத்தின் பக்கத்தில் காட்டும் வேகத்துக்கு இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் எல்லாம் சரி. ஒரு மணி நேரச் சராசரியைப் பார்த்துப் பதற்றப்படாதீர்கள். மணிக்கு 170-சொச்சம் ஷேர்தான் வரும், அது அதிர்ஷ்டத்தினாலேயே 7, 8 விழுக்காடு ஏறி இறங்கும். ஒரு நாள் கணக்கில் அந்த ஆட்டம் ஒன்றரை விழுக்காட்டுக்கு அடங்கிவிடும்.

நாள் கணக்கிலும் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இயந்திரத்தைத்தான், அதுவும் கைமாறி வந்த எஸ்9-ஐ. உள்ளே மூன்று பலகைகள், ஒவ்வொன்றிலும் 63 சிப். அவற்றை 21 குழுக்களாகப் பிரித்து, பழைய சீரியல் செட் விளக்குகளைப் போல மின்சாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்படி இணைத்திருப்பார்கள். வேலையும் தகவலும் சிப்பிலிருந்து சிப்புக்குச் சங்கிலியாகத்தான் போகும். அதனால் ஒரே ஒரு சிப் செத்தாலும் பல சமயம் முழுப் பலகையும் நின்றுவிடும். வேகம் 13.5-லிருந்து 9-க்கு விழுந்தால் ஒரு பலகை போய்விட்டது என்று அர்த்தம். இயந்திரத்தின் நிலைப் பக்கத்தில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு `o` இருக்கும். `x` என்று காட்டினால் அந்தச் சிப்பில் கோளாறு. உங்களுக்கு 650 வருவதை வைத்துப் பார்த்தால் மூன்று பலகையும் உயிரோடுதான் இருக்கின்றன. 120 வெள்ளிக்கு நல்ல சரக்குதான் கொடுத்திருக்கிறார்.

பணம் போவது மின்சாரத்தில். எஸ்9 ஏறக்குறைய 1,350 வாட் இழுக்கும், இரவும் பகலும். நாளுக்கு 32.4 யூனிட். ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு 30 காசு என்று போட்டால் 9 வெள்ளி 72 காசு. பிட்காயின் ஒன்று 130,000 வெள்ளி என்று கொண்டால், கட்டணத்துக்கு முந்திய 675 சடோஷிக்கே 88 காசுதான் வருகிறது. ஒரு வெள்ளிகூடப் பெறாததற்கு நாளும் பத்து வெள்ளி கொடுக்கிறீர்கள். மாதம் 290 வெள்ளி உங்கள் பில்லில் கூடும். இந்த மாதம் பில் வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதில் ஏர்கான் கணக்கு சேரவில்லை. அந்த 1,350 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கனடாவில் ஒருவர் குளிர்காலத்தில் இதையே ஹீட்டர் என்று சொல்லி ஆறுதல் அடையலாம். நமக்கோ சூட்டை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். ஸ்டோர் ரூம் என்கிறீர்கள், இரும்புக் கதவு வைத்த அந்த அறையா? கதவைச் சாத்தி ஓட்டாதீர்கள். சத்தத்துக்குப் பயந்துதான் சாத்துவீர்கள் என்று தெரியும், ஆனால் காற்று ஓடாவிட்டால் சிப்கள் வெந்துவிடும்.

புதிய இயந்திரம் வாங்கினால் தப்பிக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் வந்த எஸ்21, 200 டெராஹேஷ் வேகத்துக்கு 3,500 வாட் எடுக்கும். ஒரே மின்சாரத்துக்கு எஸ்9-ஐவிட ஐந்தரை மடங்குக்கும் மேல் வேலை. மேலே சொன்ன அதே கணக்கில் நாளுக்கு 13 வெள்ளி ஈட்டும், 25 வெள்ளி 20 காசுக்கு மின்சாரம் குடிக்கும். போதாததற்கு அது 15 ஆம்பியர் இழுக்கும், நம் வீட்டுச் சுவர் பிளக் 13 ஆம்பியர்தான் தாங்கும். யூனிட் 15 காசுக்குக் கீழே கிடைத்தால்தான் அந்த இயந்திரத்தில் ஏதாவது மிஞ்சும். இறக்குமதி எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிங்கப்பூரில் வீட்டுக்கு அந்த விலை வராது. மலேசியாவில் அதைவிட மலிவு, அதனால்தான் நாங்கள் ஜோகூர் போனோம். மலிவும் போதாமல் மீட்டரைத் தாண்டிக் கம்பி இழுத்தவர்களின் கதை வேறு. 2021-ல் சரவாக்கின் மிரியில் அப்படிப் பிடிபட்ட 1,069 இயந்திரங்களைக் காவல்துறை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது. அந்தக் காணொளியை எங்கள் ஆட்கள் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை.

இனி உங்கள் மாமா.

அவர் சொன்னது உண்மை. நானும் அந்தக் கூட்டம்தான். சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய ரேடியான் எச்டி 5870 கார்டு ஒன்று என் படுக்கையறை மேசையில் ஓடியது. நொடிக்கு 400 மெகாஹேஷ், 190 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2013 ஜனவரியில் வலையமைப்பின் கடினம் சுமார் 3 மில்லியன். தனியாக ஓட்டினால் சராசரியாக ஓர் ஆண்டுக்குச் சற்று மேல் காத்திருந்தால் ஒரு பிளாக் விழும், அப்போது பரிசு 25 பிட்காயின். ஆனால் ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தும் ஒன்றுமே விழாமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு. அதனால்தான் பூல். பூலில் நாளுக்கு 0.067 பிட்காயின் வந்தது. அன்றைய விலைக்கு ஏறக்குறைய ஓர் அமெரிக்க வெள்ளி, மின்சாரத்துக்குச் சரியாகப் போய்விடும். உங்கள் மாமா அன்று லாபம் பார்த்திருந்தால் எடுத்ததை விற்காமல் வைத்திருந்ததால்தான் இருக்கும்.

அந்த மாதக் கடைசியில்தான் அவலான் என்ற, மைனிங்குக்கென்றே செய்த சிறப்புச் சிப் கொண்ட முதல் இயந்திரம் வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேரத் தொடங்கியது. சுமார் 66 ஜிகாஹேஷ், 600 வாட்டுக்குச் சற்று மேல். அதாவது மூன்று கார்டின் மின்சாரத்தில் 165 கார்டின் வேலை. ஆண்டு முடிவதற்குள் கடினம் 3 மில்லியனிலிருந்து 1,180 மில்லியனுக்கு ஏறியது. என் கார்டு ஒரு துளிகூட வேகம் குறையவில்லை, ஆனால் 0.067 வந்த இடத்தில் 0.00017 வந்தது. இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம், அதே ஓராண்டில் பிட்காயின் விலை 13 அமெரிக்க வெள்ளியிலிருந்து 700-ஐத் தாண்டியிருந்தது. விலை ஐம்பது மடங்கு ஏறியும் நாள் வருமானம் 12 காசாகச் சுருங்கிவிட்டது. காரணம், 2,016 பிளாக்குக்கு ஒரு தடவை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வலையமைப்பு தன் கடினத்தைத் திருத்திக்கொள்ளும். எத்தனை இயந்திரம் சேர்ந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான். பானையில் இருக்கும் சோறு அதேதான், பந்தியில் உட்காருபவர்கள்தான் கூடுகிறார்கள். அகப்பையின் அளவுக்குத்தான் பங்கு.

சிறப்புச் சிப் அவ்வளவு முந்தக் காரணம் ஷா-256 கணக்கின் தன்மை. அதில் கூட்டல், பிட்டுகளை ஒப்பிடுதல், பிட்டுகளைச் சுழற்றி நகர்த்துதல், இவ்வளவுதான். 64 சுற்று. நினைவகம் தேவையில்லை, "இப்படியானால் அப்படிச் செய்" என்ற முடிவெடுப்பும் இல்லை. கணினியின் பொதுச் சிப் இதைச் செய்யும்போது, ஒவ்வொரு கூட்டலுக்கும் கட்டளையை எடுத்து வந்து, பிரித்துப் படித்து, எண்களை ஓரிடத்திலிருந்து கொண்டுவந்து, விடையை இன்னோரிடத்தில் வைக்கிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி இந்தத் தூக்கிச் சுமப்பதிலேயே போய்விடும், கூட்டலுக்கு ஆவது கொஞ்சம்தான். கிராபிக்ஸ் கார்டு இதை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்வதால் தேவலாம், ஆனால் அதற்கும் கட்டளை வேண்டும்.

மைனிங் சிப்பில் கட்டளை என்பதே கிடையாது. 64 சுற்றுகளையும் வரிசையாக 64 கூடங்களாகச் சிலிக்கானில் கட்டிவிடுகிறார்கள், இரண்டு தடவை ஓட்ட வேண்டும் என்பதால் அதைப் போல் இன்னொரு வரிசை. முதல் கூடத்தில் ஓர் எண் நுழையும்போது அதற்கு முந்தியது இரண்டாம் கூடத்தில் இருக்கும், அதற்கும் முந்தியது மூன்றாவதில். சிப்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் மறுமுனையில் ஒரு விடை வந்து விழும். பிட்டுகளைச் சுழற்றும் வேலைக்குத் தனி உறுப்புகூட வேண்டாம், கம்பியைச் சற்று நகர்த்தி இணைத்தால் சுழன்றுவிட்டது, செலவே இல்லை. இன்னொரு சிக்கனமும் உண்டு. அந்த 80 பைட்டில் முதல் 64 பைட் பல பில்லியன் முயற்சிகளுக்கு மாறாது. அதை ஒரே ஒரு தடவை கணக்கிட்டுச் சிப்புக்குக் கொடுத்துவிட்டால், மூன்று கட்ட வேலை இரண்டு கட்டமாகக் குறையும்.

இதன் மறுபக்கம், அந்தச் சிப்பால் வேறு எதுவும் செய்ய முடியாது. என் 5870-ஐ 2013-க்குப் பிறகும் அண்ணன் மகன் கேம் விளையாட வைத்திருந்தான். எஸ்9 லாபம் தராத நாளிலிருந்து வெறும் அலுமினியமும் இரண்டு மின்விசிறியும்தான். இத்தனைக்கும் உங்கள் ஸ்டோர் ரூமில் நிற்கும் அந்த ஒற்றைப் பெட்டியின் வேகத்துக்கு என் கார்டு 33,750 வேண்டும், அவற்றுக்கு ஆறு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பல புளோக்குகளின் வீட்டு மின்சாரத்தைச் சேர்த்தாலும் பத்தாது. கார்டு வைத்திருந்தவர்கள் பலர் பிறகு ஈத்தீரியம் என்ற வேறொரு மின்நாணயத்தின் பக்கம் போனார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங்கையே கைவிட்டுவிட்டது.

வீட்டில் ஏதாவது ஓடியே ஆக வேண்டும் என்றால், உள்ளங்கை அளவில் பிட்டாக்ஸ் என்று ஒன்று வருகிறது. அதே வகைச் சிப், ஆனால் ஒன்றே ஒன்று. 1.2 டெராஹேஷ், 18 வாட். பூல் இல்லாமல் தனியாக ஓட்டுவார்கள். மேலே சொன்ன வலையமைப்பு வேகத்தில் ஆண்டுக்கு ஒரு பிளாக் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 14,000-ல் ஒன்று. மின்சாரம் ஆண்டுக்கு 47 வெள்ளி. விழுந்தால் 400,000 வெள்ளிக்கு மேல், ஆனால் வாய்ப்போடு பெருக்கிப் பார்த்தால் 28, 29 வெள்ளிதான் தேறும். டோட்டோ வாங்குகிற காசு என்று நினைத்து வைத்துக்கொள்பவர்களை நான் தடுப்பதில்லை. சம்பாதிக்கும் வழி என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எஸ்9-ஐ இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தும் முன் பூலில் குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் பணம் அனுப்புவார்கள் என்று பாருங்கள். வரம்பு 0.001 பிட்காயின் என்றால், நாளுக்கு 650 வீதம் அதை எட்ட 154 நாள் ஓட்ட வேண்டும், அதற்குள் மின்சாரத்துக்கு 1,500 வெள்ளி ஆகிவிடும். வரம்பை எட்டுவதற்காக ஓட்டாதீர்கள். சிறு தொகைகளை அனுப்புவதற்கான லைட்னிங் என்ற வழியில் சில்லறையையும் அனுப்பும் பூல்கள் சில உண்டு, உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் இந்த மூன்று வாரத்தில் சேர்ந்த 13,000-சொச்சம் சடோஷியை எடுத்துக்கொள்ளுங்கள். 17, 18 வெள்ளி வரும். இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கட்டும். நண்பர் தன் இயந்திரத்தை நிறுத்தினால், அவர் ஷேர்கள் பட்டியலிலிருந்து தள்ளப்படும்வரை அவருக்கு இன்னும் கொஞ்சம் வரும். அவசரப்பட்டு அவர் கணக்கை மூட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.